தம்பிக்குக் கொண்டுபோன சோற்றுப் பார்சலைத் திருப்பிவிட்டார்கள்: மறியல் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மேட்டுலயம்:
என் தம்பி மறியலில் இருந்து நாலு மாதம் ஆகிறது. கசிப்பு வழக்கு. முதல் இரண்டு மாதம் ரிமாண்ட், பிணைக்குக் கையெழுத்து வைக்க ஆள் கிடைக்காமல் உள்ளேயே கிடந்தான். அப்போது கிழமைக்கு ஒரு தடவை நான் போவேன். விடியற்காலை இரண்டு மணிக்கு எழும்பிச் சோறு, பருப்பு, கருவாட்டுப் பிரட்டல் எல்லாம் ஆக்கி, வாழையிலையில் கட்டி எடுத்துக்கொண்டு ஹட்டனுக்கு வந்து, அங்கிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். கேட்டில் பார்சலைப் பிரித்து ஒரு கரண்டிக் காம்பால் சோற்றைக் குத்திக் கிளறிப் பார்ப்பார்கள், என்னையே ஒரு வாய் தின்னச் சொல்வார்கள், பிறகு உள்ளே போகும். அது எனக்குப் பழகிவிட்டது.

அப்புறம் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டம் அறுபதாயிரம், கட்டாவிட்டால் ஆறு மாதம் என்று தீர்ப்பு. எங்களிடம் காசு இல்லை. அடுத்த கிழமை அதே மாதிரிச் சோறு கட்டிக்கொண்டு போனேன். அதே கேட், அதே ஆள், ஆனால் பார்சலை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். சிங்களத்தில் ஏதோ விளக்கம் சொன்னார், எனக்குப் பாதிதான் விளங்கியது. தம்பியைப் பார்க்கவும் இனி முந்தி மாதிரி வர ஏலாது என்றார். என்ன தப்புச் செய்தேன் என்று தெரியாமல் கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகும் இரண்டு தடவை பார்த்தேன், சோறு இல்லாமல். இது அந்த ஆளின் கொடுமையா, இல்லை உண்மையிலேயே அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா?

ராகலைக்காரன்:
அக்கா, விடாதீர்கள். கைதிக்கு வீட்டுச் சாப்பாடு கொடுப்பது உரிமை, அது எல்லா நாட்டுக்கும் பொது, ஐ.நா. சட்டத்திலேயே இருக்கிறது. என் மச்சான் ஐந்து மாதம் உள்ளே இருந்தான், நாங்கள் கொண்டுபோன ஒரு நாளும் திருப்பவில்லை. காசை எதிர்பார்த்துத்தான் திருப்பியிருப்பார்கள்.

பழைய கோர்ட் ஆள்:
ராகலைத் தம்பி சொன்னதில் பாதி சரி. உங்கள் மச்சான் அந்த ஐந்து மாதமும் ரிமாண்டில் இருந்திருப்பார், தீர்ப்பு வந்திருக்காது. அப்படித்தானே?

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகளே, நடந்தது இதுதான். நம்முடைய சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் 1877-இல் வந்தது, இன்றைக்கும் அதை வைத்துத்தான் ஓடுகிறது. அதில் கைதிகள் இரண்டு வகை. தீர்ப்பு வராத விளக்கமறியல் கைதி இன்னும் குற்றவாளி இல்லை. அதனால் தன் சொந்தச் சாப்பாடு, உடுப்பு, படுக்கை இவற்றை வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சோதனை போடுவார்கள், நேரம் குறிப்பார்கள், ஆனால் அவர் விளக்கமறியல் கைதி என்பதற்காகவே மறுக்க முடியாது. ஒரு நிபந்தனை உண்டு, அந்தச் சாப்பாட்டை இன்னொரு கைதிக்குக் கொடுக்கவோ விற்கவோ கூடாது. தீர்ப்பு வந்த நிமிடத்திலிருந்து அவர் தண்டனைக் கைதி. அப்போது சிறைச் சாப்பாடு, சிறை உடுப்பு. பார்க்கப் போகும் நாட்களும் தூரமாகிவிடும். உங்கள் தம்பி அதே கட்டடத்தில், அதே சுவருக்குள்தான் இருக்கிறார், ஆனால் சட்டத்தின் கண்ணில் வேறு ஆளாகிவிட்டார். கேட்டில் இருந்தவர் செய்தது கொடுமை இல்லை. அதை உங்களுக்கு விளங்கும் தமிழில் சொல்ல அங்கே ஒருவரும் இல்லாதது பெரிய குறை.

ஐ.நா. விதிகளிலும் இதே பிரிவினைதான். வெளியிலிருந்து சாப்பாடு எடுப்பது விசாரணை முடியாதவர்களுக்குத்தான் சொல்லப்பட்டிருக்கிறது.

ராகலைக்காரன்:
ஓம் ஐயா, அவன் ரிமாண்டில்தான் இருந்தான். பிறகு விடுதலையாகிவிட்டான். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது. மன்னியுங்கள் அக்கா.

பசறைத் தம்பி:
நான் பதினாலு மாதம் இருந்துவிட்டு வந்தவன். ரிமாண்டும் பார்த்தேன், தண்டனையும் பார்த்தேன். சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன், அக்கா கவலைப்படாமல் இருக்க. மூன்று வேளையும் சோறு கிடைக்கும், பட்டினி இல்லை. நான் இருந்த இடத்தில் இராச் சாப்பாட்டைப் பின்னேரம் நாலு மணி போலவே கொடுத்துவிட்டுக் கதவைப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் காலை வரைக்கும் ஒன்றும் இல்லை. முதல் கிழமையில் பசியை விட அதுதான் கஷ்டம். பழைய ஆட்கள் சோற்றில் ஒரு பங்கைத் தட்டில் மூடி வைத்து எட்டு மணிக்குச் சாப்பிடுவார்கள், நானும் பழகிக்கொண்டேன். உள்ளே கன்டீன் இருக்கிறது. வீட்டிலிருந்து அவன் பெயரில் கணக்கில் காசு போட்டால் பிஸ்கட், சவர்க்காரம் வாங்கிக்கொள்வான். சோற்றுப் பார்சலுக்குப் பதில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

வேலையைப் பற்றி. ரிமாண்டில் உள்ளவனை வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. தண்டனை வந்தபின் அது தீர்ப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கடூழியச் சிறை என்றால் வேலை செய்தே ஆக வேண்டும், சாதாரணச் சிறை என்றால் அப்படி இல்லை. எனக்குக் கடூழியம். முதலில் கூட்டிப் பெருக்க விட்டார்கள், பிறகு தையல் ஷெட்டில் போட்டார்கள். கூலி என்று போடுவார்கள், அது கன்டீனில் ஒரு சவர்க்காரத்துக்கும் காணாது. ஆனால் சும்மா உட்கார்ந்திருந்தவர்களை விட ஷெட்டில் இருந்த நாங்கள் இரவில் நன்றாகத் தூங்கினோம். அந்தப் பதினாலு மாதத்தில் நான் கற்ற தையல்தான் இப்போது எனக்குச் சோறு போடுகிறது.

மஸ்கெலியா:
நான் வேறு விஷயம் கேட்கிறேன். என் வீட்டுக்காரருக்கு ஏழு வருடத் தண்டனை. கடிதம் எழுதினால் போய்ச் சேர ஒன்றரை மாதம் ஆகிறது. ஒரு கடிதம் சேரவே இல்லை. மகள் ஓ.எல். பாஸ் பண்ணின செய்தியை எழுதினோம், நான் பார்க்கப் போன அன்றைக்கும் அவருக்குத் தெரியாது. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாங்கள் முப்பது பேர், அந்தப் பக்கம் அவர்கள், நடுவில் இடைவெளி, எல்லாரும் கத்துகிறோம். அந்தச் சத்தத்தில் மகளின் ரிசல்ட்டை நான் விரலை மடக்கிக் காட்டி, எத்தனை ஏ, எத்தனை பி என்று சொன்னேன். கடிதம் ஏன் பிந்துகிறது என்று கேட்டால் தமிழ் வாசிக்க ஆள் இல்லை என்கிறார்கள். அப்படியானால் சிங்களத்தில் எழுதச் சொல்கிறார்களா? எனக்குச் சிங்களம் பேசத்தான் வரும், எழுத வராது.

பழைய கோர்ட் ஆள்:
கடிதத்தை வாசித்துப் பார்த்துக் கொடுப்பது அவர்களுக்கு அனுமதிக்கப்பட்டதுதான். வாசிக்கத் தெரியாததால் அடுக்கி வைப்பது வேறு. 1987-இல் வந்த பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அரசகரும மொழி, அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதிப் பதிலும் தமிழிலேயே கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தமிழ் தெரிந்த உத்தியோகத்தரைத் தேடுவது அவர்கள் வேலை, மொழியை மாற்றுவது உங்கள் வேலை இல்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அடுத்த முறை போகும்போது நலன்புரி உத்தியோகத்தரைக் கேளுங்கள். கடிதம் போட்ட தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். பதிவுத் தபாலில் போட்டிருந்தால் ரசீதும் வேண்டும், அது இருந்தால்தான் வரவே இல்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது. அதற்கும் அசையாவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழு. 1996-ஆம் ஆண்டின் சட்டப்படி சிறைகளுக்குள் போய்க் கைதிகளின் நலனைப் பார்க்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. அவர்களின் போன் எண்ணும் 1996 தான், அதனால் மறக்காது. கண்டியிலும் பதுளையிலும் அலுவலகம் உண்டு. தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், விஷயம் நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுப்பது நல்லது.

பசறைத் தம்பி:
போன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் இருந்த இடத்தில் சிறையின் சொந்தப் போன் ஒன்றிலிருந்து வீட்டுக்குப் பேச விட்டார்கள். எண்ணை முதலே எழுதிக் கொடுக்க வேண்டும், பக்கத்தில் ஒரு ஆள் நிற்பார். நான் அம்மாவிடம் தமிழில் பேசத் தொடங்கினதும் சிங்களத்தில் பேசச் சொன்னார். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது என்று சொன்னேன். சரி, மெதுவாகப் பேசு என்று விட்டுவிட்டார். இன்னொரு ஆள் நின்ற நாளில் போனை வாங்கி வைத்துவிட்டார். ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் ஒன்று, யாராவது உள்ளே கையில் போன் இருக்கிறது, காசு கொடுத்தால் பேசலாம் என்று சொல்லி அனுப்பினால் நம்பி விடாதீர்கள். அது பிடிபட்டால் உங்கள் ஆள் மேல் புது வழக்கு விழும். என் செல்லில் ஒருவனுக்கு அப்படித்தான் நடந்தது, வெளியே வர வேண்டிய மாதத்தில் திரும்பக் கோர்ட்டுக்குப் போனான்.

பழைய கோர்ட் ஆள்:
மேட்டுலயம் மகளே, உங்கள் பதிவைத் திரும்ப வாசித்தேன். அறுபதாயிரம் தண்டம், கட்டாவிட்டால் ஆறு மாதம் என்றீர்கள். தீர்ப்பு வந்து எத்தனை நாள்? வேறு தனித் தண்டனை ஒன்றும் இல்லையே?

மேட்டுலயம்:
வேறு ஒன்றும் இல்லை ஐயா. நாளைக்குச் சரியாக இரண்டு மாதம்.

பழைய கோர்ட் ஆள்:
அப்படியென்றால் சோற்றுப் பார்சலை விடுங்கள், இதைக் கேளுங்கள். உங்கள் தம்பி உள்ளே இருப்பது தண்டம் கட்டாததற்காக மட்டும். தண்டத்தைக் கட்டினால் அந்த நிமிடமே சிறை முடிகிறது. முழுத் தொகையும் வேண்டியதில்லை, இருந்த நாட்களுக்கு ஏற்பக் குறையும். ஆறு மாதத்துக்கு அறுபதாயிரம் என்றால் மாதத்துக்குப் பத்தாயிரம். இரண்டு மாதம் இருந்துவிட்டார், இருபதாயிரம் கழிந்தது. நாளைக்கு நாற்பதாயிரம் கட்டினால் வெளியே வரலாம், ஒரு மாதம் போய்க் கட்டினால் முப்பதாயிரம். சரியான கணக்கைச் சிறை அலுவலகத்தில் நாள் கணக்கில் பார்த்துச் சொல்வார்கள். ரசீது இல்லாமல் யார் கையிலும் ஒரு சதம் கொடுக்காதீர்கள்.

மேட்டுலயம்:
ஐயா, இதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அறுபதாயிரத்தையும் ஒரேயடியாகக் கட்டினால்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பார்க்கப் போகும் ஒவ்வொரு தடவையும் பஸ் காசும் போகிறது, அன்றைக்குப் பேரும் விழுவதில்லை.

கொழுந்துக்கூடை:
அவருடைய ஈ.பி.எப். காசை எடுத்துக் கட்ட ஏலாதா? என் அப்பா ஓய்வு பெற்று மூன்று வருடம், இன்னும் அவர் காசு கைக்கு வரவில்லை. தோட்டத்தில் பெயர் பிழையாக எழுதிவிட்டார்களாம். அதற்கு எங்கே போக வேண்டும்?

பழைய கோர்ட் ஆள்:
மகளே, அது வேறு கதை, தொழில் திணைக்களத்துக்குப் போங்கள். அப்பாவின் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் கொண்டுபோங்கள்.

மேட்டுலயம்:
மாமா மாடு விற்ற காசு பதினைந்தாயிரம் தருகிறேன் என்கிறார். தீபாவளிச் சீட்டு இந்த மாதக் கடைசியில் எனக்கு விழும். இரண்டையும் சேர்த்தால் அடுத்த மாதம் கிட்டத்தட்ட சரியாக வரும். திங்கட்கிழமை சிறை அலுவலகத்துக்குப் போய் மீதி எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்கப் போகிறேன். சிங்களம் நன்றாகத் தெரிந்த எங்கள் டிவிஷன் டீச்சரும் கூட வருகிறார். மஸ்கெலியா அக்கா, உங்களுக்கும் அதே சிறையென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், உங்கள் கடிதத் தேதிகளையும் கொண்டுபோய் அங்கேயே கேட்கிறோம்.