விடை மட்டுமா, வழிமுறையும் சேர்த்தா?

பெரம்பூரில் மாலை நேரத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். நேற்று இரவு ஒரு மாணவி வீட்டுப்பாடக் கணக்கைப் படம் எடுத்து அனுப்பினாள். கூடவே ‘சால்வ்’ என்று ஒரே ஒரு சொல், வணக்கம்கூட இல்லை.

கணக்கு: √(x+7) = x − 5.

இருபுறமும் வர்க்கப்படுத்தினால் x² − 11x + 18 = 0; x = 9 அல்லது 2. ஆனால் 2-ஐப் பிரதியிட்டால் இடப்புறம் 3, வலப்புறம் −3. ஆகவே 9 மட்டுமே விடை.

படத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘9, 2’ என்று கிறுக்கியிருக்கிறாள். ‘9’ என்று மட்டும் அனுப்பினால் 2 ஏன் போனது என்று புரியாது. எல்லாப் படிகளையும் எழுதினால் அப்படியே நோட்டில் ஏறிவிடும். சரிபார்க்கும் படியை மட்டும் அனுப்பலாமா? ஆசிரியர்களே, நீங்கள் என்ன செய்வீர்கள்?