கலவை ஆலைக் கணக்கு: 9% போடுவதா, 12% போடுவதா?

இன்டர்_மதுரை: 5 வருட சாலைத் திட்டத்துக்கு ஒரு கான்கிரீட் கலவை ஆலை வேண்டும். விலை 20 லட்சம், வாங்கினால் முழுக்க 12% வங்கிக் கடன். நேர்கோட்டுத் தேய்மானம், கடைசியில் 2 லட்சத்துக்கு விற்கலாம். லீஸ் என்றால் ஒவ்வொரு வருடக் கடைசியிலும் 5,40,000. வரி 25%. எது மலிவு?

நிதியாளர்77: லீஸ்தான், சந்தேகமே வேண்டாம். வாடகை வரி போக 4,05,000. இன்றைய மதிப்புக்கு மாற்ற 12%-க்கு 5 வருடக் காரணி 3.605, ஆக 14,60,025. வாங்கினால் 20 லட்சத்தில் தேய்மான வரிச் சேமிப்பு வருடம் 90,000 வீதம் 3,24,450 கழியும், விற்கிற 2 லட்சத்துக்கு 1,13,400 கழியும். மீதி 15,62,150. லீஸில் 1,02,125 மிச்சம். தேர்வில் இதை அப்படியே எழுதுங்கள்.

பேரேடு: அப்படியே எழுதினால் மதிப்பெண் போய்விடும் தம்பி. வாடகையை வரி போகப் போட்டார், தேய்மானத்துக்கும் வரிச் சேமிப்பைப் போட்டார், வீதத்தில் மட்டும் வரியை மறந்துவிட்டார். 12% கடனுக்கு 25% வரி போனால் 9%. அதில் காரணி 3.890. லீஸ் 15,75,450. வாங்கினால் 20,00,000-லிருந்து 3,50,100-ம் 1,30,000-ம் கழித்து 15,19,900. வாங்குவதுதான் 55,550 மலிவு. ஒரு லட்சத்துக்கு மேல் லீஸில் மிச்சம் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்பவர் வீதத்தை ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

நிதியாளர்77: வங்கி என்னிடம் 12% வாங்குகிறது. எந்த வங்கி மேலாளர் 9%-க்குத் தருகிறார், முகவரி சொல்லுங்கள், நானும் போகிறேன்.

பொக்லைன்காரர்: அண்ணே, ரெண்டு பேரும் ஆபரேட்டர் சம்பளத்தை விட்டுட்டீங்க. நான் தர்மபுரி பக்கம் பொக்லைன் வாடகைக்கு விடுறேன். மணிக் கணக்குல போகும், ஆபரேட்டர் நம்ம ஆளு, டீசல் யாரு போடுறதுன்னு முதல்லயே பேசிக்குவோம். ரிப்பேர் ஆனா நம்ம தலையில. இதெல்லாம் கணக்குல எங்க?

பேரேடு: நீங்கள் சொல்வது மணி வாடகை. எந்திரம் உங்களுடையது, ஆள் உங்களுடையவர், வேலை முடிந்தால் வண்டி வீட்டுக்கு வந்துவிடும். கேள்வியில் இருப்பது 5 வருடம் பாதியில் விட முடியாத லீஸ். ஆபரேட்டரும் டீசலும் பழுதும் எடுத்தவர் பொறுப்பு. வாங்கினாலும் அதே செலவு வரும், அதனால் இரண்டு பக்கமும் அடிபட்டுப்போகிறது. பழுதை லீஸ் கொடுப்பவர் பார்ப்பார் என்று கேள்வியில் எழுதியிருந்தால் வாங்குகிற பக்கத்தில் அதைக் கூட்ட வேண்டும். எழுதவில்லை.

பொக்லைன்காரர்: எழுதாம இருந்தா செலவு வராதா அண்ணே? என்ன கணக்கோ போங்க.

கொங்குத்தணிக்கை: நிதியாளர் வீதத்தில் தவறு செய்கிறார், சரி. ஆனால் பேரேடும் ஒன்றை விட்டுவிட்டார். வாங்கினால் கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். வருடம் 2,40,000. அதில் வரிச் சேமிப்பு போக 1,80,000. இதை வாங்குகிற பக்கத்தில் சேர்த்தீர்களா?

பேரேடு: சேர்க்கக் கூடாது. வட்டியைத் தனியாகவும் போட்டு 20 லட்சத்தையும் போட்டால் ஒரே செலவை இரண்டு முறை எழுதியதாகும். வேண்டுமானால் 20 லட்சத்தை எடுத்துவிட்டுக் கடனை மட்டும் போட்டுப் பாருங்கள். வருட வட்டி வரி போக 1,80,000, கடைசி வருடம் அசல் 20 லட்சம். 9%-ல் வட்டிக்கு 7,00,200, அசலுக்கு 13,00,000. கூட்டினால் 20,00,200, அந்த 200 காரணியை மூன்று தசமத்தில் நிறுத்தியதால் வந்தது. கடனாக எழுதினாலும் ரொக்கமாக எழுதினாலும் அதே 20 லட்சம்தான். இப்போது நிதியாளரின் 12%-ல் இதே கடனைப் போடுங்கள். 6,48,900, 11,34,000, மொத்தம் 17,82,900. வங்கியிடம் வாங்கிய 20 லட்சம் எங்கே போய் 2 லட்சத்துக்கு மேல் குறைந்தது? வரி போன பணத்தை வரி போகாத வீதத்தில் தள்ளினால் இப்படித்தான் ஆகும். வீதம் பிசகினதா என்று பார்க்க இந்தக் கடன் சோதனை போதும்.

நிதியாளர்77: நான் வட்டியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை, எனக்கு எதற்கு அந்தச் சோதனை? என் கடன் பாஸ்புக்கில் 12 என்று அச்சாகியிருக்கிறது. 9 என்று எங்கேயும் இல்லை.

பேரேடு: பாஸ்புக்கில் வரித்துறையின் பங்கு அச்சாகாது. சரி, 12-தான் வேண்டுமா, வைத்துக்கொள்ளுங்கள். வரியே கட்டாத, நஷ்டத்தில் ஓடுகிற நிறுவனம் என்று நினைப்போம், அங்கே 12% நியாயம். ஆனால் அப்போது வாடகைக்கும் தேய்மானத்துக்கும் வரிச் சேமிப்பு கிடையாது. லீஸ் 5,40,000 பெருக்கல் 3.605, அதாவது 19,46,700. வாங்கினால் 20,00,000-ல் 1,13,400 போக 18,86,600. அங்கேயும் வாங்குவதுதான் 60,100 மலிவு. வரியோடு 9% போட்டாலும், வரியில்லாமல் 12% போட்டாலும் ஒரே பக்கம். பாதி வரி, பாதி வரியில்லை என்று கலந்தால் மட்டும் லீஸ் ஜெயிக்கிறது.

இன்டர்_மதுரை: சார், எங்கள் வகுப்பில் மூலதனச் சராசரிச் செலவைப் போடச் சொன்னார்கள். அது 14% வருகிறது என்றார்கள்.

பேரேடு: திட்டம் எடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்கும்போது அது சரி. இங்கே எடுப்பது முடிவாகிவிட்டது, பணத்துக்கு எங்கே போவது என்பதுதான் பாக்கி. லீஸ் வாடகையும் கடன் தவணை மாதிரியே தவறாமல் கட்ட வேண்டிய பணம், அதனால் கடனின் வீதம்.

கொங்குத்தணிக்கை: அந்த 2 லட்சம் தவறாமல் வருகிற பணமா? 5 வருடம் சிமெண்ட் தூசி தின்ற ஆலைக்கு யார் என்ன தருவார் என்று யாருக்குத் தெரியும்? அதை மட்டும் 14%-ல் தள்ளுவதுதான் முறை.

பேரேடு: தள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. 14%-ல் 1,30,000-க்குப் பதில் 1,03,800 வரும். அப்போதும் வாங்குவது 29,350 மலிவு. விலை எவ்வளவு விழலாம் என்றும் பாருங்கள். எல்லாம் 9%-ல் வைத்து, விற்ற நஷ்டத்துக்கு வரிச் சேமிப்பும் சேர்த்தால், சுமார் 86,000-க்குக் கீழே விற்றால்தான் லீஸ் பக்கம் சாயும். அப்படி விழும் என்று தோன்றினால் லீஸ் எடுங்கள், அது நியாயமான காரணம். பாஸ்புக்கில் 12 இருக்கிறது என்பது காரணமே இல்லை.

கொங்குத்தணிக்கை: விற்ற நஷ்டத்துக்கு வரிச் சேமிப்பா? நம் வருமான வரியில் ஆலை எந்திரமெல்லாம் ஒரே தொகுதி, 15% குறையும் மதிப்பு முறை. தொகுதியில் வேறு எந்திரம் இருந்தால் நஷ்டம் தனியாக வராது. நேர்கோட்டு முறையே இங்கே பொருந்தாது.

பேரேடு: கேள்வி கொடுத்ததைத்தான் போட முடியும். 15%-ல் சேமிப்பு தள்ளிப்போகும், வாங்குகிற பக்கம் கனக்கும், தெரியும். போன மாதம் அடக்க விலை இழையிலும் இப்படித்தான் கேள்வியை மாற்றினீர்கள்.

கொங்குத்தணிக்கை: அந்த இழையில் நான் சொன்னதுதான் சரி. யார் பதில் சொல்லாமல் போனார் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

பொக்லைன்காரர்: ஜிஎஸ்டி யாரும் பேசலையே. வாங்கும்போது 18% மொத்தமா கட்டணும், வாடகைக்குன்னா பில் வர வர கட்டினா போதும். எங்களுக்கு அதுதான் பெரிய விஷயம்.

பேரேடு: இரண்டுக்கும் உள்ளீட்டு வரவு உண்டு. எடுத்துக்கொள்ள எத்தனை மாதம் ஆகும் என்பதில்தான் வித்தியாசம். அது கைப்பணப் பிரச்சினை.

பொக்லைன்காரர்: கைப்பணம் இல்லாமத்தானே அண்ணே எல்லாரும் வாடகைக்கு வர்றாங்க.

நிதியாளர்77: அவர் சொல்வதுதான் நடைமுறை. பல வருஷமாக ஒப்பந்தக்காரர்களுக்குத் திட்ட அறிக்கை போட்டுத் தருகிறேன், எல்லாவற்றிலும் 12-தான். ஒருவரும் திருப்பி அனுப்பவில்லை. தம்பி, 12% போடுங்கள்.

பேரேடு: 17,82,900-க்கு இன்னும் பதில் வரவில்லை.

நிதியாளர்77: 12%.