உதவி: எக்ஸ்போர்ட் குடுத்தால் மீடியா இல்லையாம், V2-இல நாலு கிளிப் சிவப்பு

விசுவமடு_கமரா:
அண்ணையாக்கள், ஸ்கிரீன்ஷொட் போட்டிருக்கிறன், பாத்துச் சொல்லுங்கோ. பிரிமியர் புரோ. சாமத்தியவீட்டு வீடியோ, கனடாவில இருக்கிற மாமாக்கு அனுப்பவேணும். V1-இல பிரதான கமரா, அதில பிரச்சினை இல்லை. V2-இல கிட்டத்தில எடுத்த கமரா, அதில நாலு கிளிப் சிவப்பாய் நிக்குது. ஆலத்தி எடுக்கேக்க பிள்ளையின்ர முகத்துக்குப் போற சூம் எல்லாம் அந்த நாலிலதான், கீஃப்ரேம் வைச்சு மினக்கெட்டுச் செய்தது. A1-இல ரெக்கோடர் சத்தம். மேல நீட்டுக்கு ஒரு சிவப்புக் கோடும் ஓடுது. எக்ஸ்போர்ட் குடுத்தால் மீடியா காணேல்லை எண்டு எச்சரிக்கை வருது. தொடரலாமோ?

பரந்தன்_பொடி:
மேல சிவப்புக் கோடு எண்டால் ரெண்டர் ஆகேல்லை எண்டு அர்த்தம். Enter அமத்தி விடு, பச்சையாகும், எல்லாம் சரி. சரிவராட்டில் சிவப்புக் கிளிப்பை அழிச்சுப்போட்டு ஃபைலைத் திரும்ப இழுத்துப் போடு.

மாங்குளம்_எடிற்:
தம்பி பொறும், ஒண்டையும் அழியாதையும். பரந்தன் சொன்ன கோட்டுக் கதை சரி, ஆனால் அது பிரிவியூ தங்குதடை இல்லாமல் ஓடுமோ எண்டதுக்கு மட்டும்தான். இல்லாத ஃபைலை அது கொண்டுவராது. எச்சரிக்கையைத் தாண்டிப் போனால் எக்ஸ்போர்ட் நடக்கும், ஆனால் அந்த நாலு இடத்திலயும் Media Offline எண்ட சிவப்புப் படம்தான் மாமாவுக்குப் போகும்.

கிளிப்பில fx மஞ்சளாய் நிக்குது பாரும். அளவோ இடமோ மாத்தியிருக்கிறீர் எண்ட அடையாளம் அது. கீஃப்ரேம் இருக்கிறது டைம்லைன் கிளிப்பில, புரொஜெக்ட் ஃபைலுக்குள்ள. வீடியோ ஃபைலுக்குள்ள இல்லை. அதால ஃபைலைத் திரும்ப இணைச்சால் சூம் அப்பிடியே கிடைக்கும். அழிச்சுப் புதுசாய்ப் போட்டால் சூமும் போயிடும்.

சிவப்புக் கிளிப்பில ரைட் கிளிக், Link Media. அதில File Path எண்ட நிரலில என்ன எழுதியிருக்கு?

விசுவமடு_கமரா:
நாலுக்கும் ஒரே மாதிரி, கடைசி இலக்கம்தான் வேற:

```
E:\PRIVATE\M4ROOT\CLIP\C0014.MP4
```

ஒட்டுசுட்டான்_ராசன்:
எனக்கும் உதேதான். வட்டாப்பளைப் பொங்கல் வீடியோவில பாட்டுத்தான் காணேல்லை. வாட்ஸப்பில வந்த பாட்டு, போன் கேபிளைக் கழட்டினதும் போச்சு. நானும் Link Media குடுக்கவோ?

மாங்குளம்_எடிற்:
ராசன், பாட்டை முதல்ல லப்டொப்புக்குள்ள கொப்பி பண்ணிப்போட்டு, பிறகு அந்தக் கொப்பிக்கு Link Media குடுங்கோ.

தம்பி, M4ROOT எண்டால் சோனிக் கமரா. கார்ட்டைச் செருகி அதில இருந்தே நேர இழுத்திருக்கிறீர், கொப்பி பண்ணேல்லை. எத்தினை கார்ட்?

விசுவமடு_கமரா:
ரெண்டு. ரெண்டையும் மாறிமாறி ஒரே ரீடரிலதான் செருகினது.

மாங்குளம்_எடிற்:
அதுதான் சிக்கல். கார்ட்டை ஃபோர்மட் அடிச்சதும் இலக்கம் முதல்ல இருந்து தொடங்கிற மாதிரி கமரா செற் பண்ணியிருந்தால் ரெண்டு கார்ட்டிலயும் C0014 இருக்கும். ரெண்டும் E: எண்டே ஏறினபடியால் பாதையும் ஒண்டுதான். பிழையான கார்ட் செருகியிருக்கேக்க புரொஜெக்டைத் திறந்தால் சிவப்பே வராது, ஆனால் ஆலத்திக்குப் பதிலாய்ப் பந்தியில சாப்பிடுறது வரும். எனவே சிவப்பில்லாத கிளிப்பையும் நம்பாதையும்.

ரெண்டு கார்ட்டையும் முழுசாய் லப்டொப்பில ரெண்டு ஃபோல்டருக்குள்ள கொப்பி பண்ணும். பிறகு Link Media-இல Relink others automatically எண்டதில சரியை எடுத்துவிட்டு, ஒவ்வொண்டாய் Locate குடும். தானாய் இணைக்க விட்டால் பேரை மட்டும் பாத்து மற்றக் கார்ட்டில இருக்கிறதைப் பிடிச்சிடும். இணைச்சபிறகு மேளகாரர் தெரியிற இடத்தில ஓட்டிப் பாரும். மேளத்தில கை விழுறதும் A1 சத்தமும் ஒண்டாய் வந்தால் அது சரியான ஃபைல்.

பரந்தன்_பொடி:
Alt-ஐ அமத்திக்கொண்டு புது ஃபைலைப் பழைய கிளிப்புக்கு மேல போட்டாலும் கீஃப்ரேம் நிக்கும்தானே?

மாங்குளம்_எடிற்:
ஓம், நிக்கும். ஆனால் கிளிப் தொடங்கிற இடம் மாறலாம், திரும்ப நகத்திச் சரிபாக்கவேணும். Link Media-இல அந்தத் தொல்லை இல்லை.

விசுவமடு_கமரா:
மூண்டு வந்திட்டுது அண்ணை, சூம் எல்லாம் அப்பிடியே நிக்குது. நீங்கள் சொன்னமாதிரி சிவப்பில்லாத ஒண்டும் மாறித்தான் கிடந்தது. C0021 மட்டும் ரெண்டு கார்ட்டிலயும் இல்லை. கமராக்காரர் இரண்டாவது கார்ட்டை இடையில ஃபோர்மட் அடிச்சவராம்.

மாங்குளம்_எடிற்:
அந்தக் கார்ட்டில இனி ஒண்டும் பதியவேண்டாம் எண்டு அவருக்கு உடனை சொல்லும். அழிஞ்ச ஃபைலை மீட்கிற PhotoRec எண்ட மென்பொருளைப் போட்டுத் தேடலாம். கிடைச்சாலும் பழைய பேர் இருக்காது, f-இல தொடங்கி இலக்கமாய் வரும். நீளத்தையும் படத்தையும் பாத்துத்தான் கண்டுபிடிக்கவேணும். ஃபோர்மட் அடிச்சபிறகு வேற விழா எடுத்தவரோ?

விசுவமடு_கமரா:
கேட்டுச் சொல்லுறன். கிளிநொச்சியில ஒரு கலியாணம் எடுத்தவர் எண்டு கேள்வி, எந்தக் கார்ட் எண்டு தெரியேல்லை.