மாப்பிள்ளைத் தோழன் குடியை விட்டதை வாழ்த்துரையில் சொல்லலாமா?

தோழன்: நெருங்கிய நண்பனின் கல்யாணத்தில் கோப்பையை உயர்த்தி நான் வாழ்த்த வேண்டும். குடியை விட்டுவிட்டேன், பழைய கூட்டாளிகள் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லவா, விடவா?

மைக்மாரி: விடுங்கள். அன்றைக்கு நாயகர்கள் அவர்கள் இருவர்தான். என் தங்கை கல்யாணத்தில் ஒருவர் தன் மறுவாழ்வுக் கதையை ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. பெண்ணின் அப்பா நெளிந்துகொண்டே இருந்தார்.

அரங்கன்: பல மேடைகளுக்கு வாழ்த்துரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாரி சொன்னவர் சறுக்கியது நீளத்தில். நாலு நிமிடப் பேச்சில் இதற்கு மூன்று வாக்கியம் போதும். அதுவும் மாப்பிள்ளையிடம் போய் முடிய வேண்டும். இப்படி: "என் கோப்பையில் இருப்பது ஆப்பிள் ஜூஸ். குடியை விட்ட நாட்களில் நடுராத்திரி கூப்பிட்டாலும் போனை எடுத்தவன் இவன். அந்த ஆளைத்தான் நீங்கள் கைப்பிடித்திருக்கிறீர்கள்." ஏன் விட்டீர்கள் என்ற காரணமே இதில் இல்லை, பாருங்கள். இதை முதலில் வைத்தால் சபை உங்களையே நினைத்துக்கொண்டிருக்கும். கடைசியில் வைத்தால் அடுத்த நொடி கோப்பைகள் உயர்ந்துவிடும். "நாங்கள் சேர்ந்து குடித்த காலத்தில்" என்று மட்டும் வாய் தவறிவிடாதீர்கள். மாட்டிக்கொள்வது மாப்பிள்ளைதான்.

சுமதி_கே: கல்யாணத்தில் மதுவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

மைக்மாரி: அம்மா, கேள்வி அதுவல்ல.

ராஜூ77: எதற்கு இத்தனை பேச்சு? ஆல்கஹால் இல்லாத ஒயின் ஊற்றிக்கொண்டால் யாருக்கும் தெரியாது.

அரங்கன்: மற்றவர்களுடையதைப் போலவே தெரியும் கோப்பை நல்ல யோசனைதான், கேள்விகள் குறையும். ஆனால் அப்படி விற்கும் பல பாட்டில்களில் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கலாம். அந்த வாசனையும் ருசியுமே சிலருக்குப் பழைய ஆசையைக் கிளப்பிவிடும். குடியை விட டாக்டர் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அந்தப் பக்கமே போகக் கூடாது. கொஞ்சம் ஆல்கஹாலுக்கே முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடக்கலாம். சோடாவோ ஜூஸோ நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள். மேசையில் வைத்த கோப்பையைத் திரும்ப எடுக்காதீர்கள், மாறிப்போயிருக்கும்.

தோழன்: மாத்திரை எதுவும் இல்லை. அந்த மூன்று வாக்கியம் பிடித்திருக்கிறது. ஆனால் நடுராத்திரி போன் விஷயம் மணப்பெண்ணுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை.

அரங்கன்: அப்படியென்றால் முதலில் மாப்பிள்ளையிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் தயங்கினால் நடு வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.

மைக்மாரி: அதை எடுத்தால் மிஞ்சுவது ஜூஸ் அறிவிப்புதானே? அதற்குச் சும்மா கோப்பையை உயர்த்திவிட்டுப் போகலாம்.

அரங்கன்: நடு வாக்கியம் போனால் ஜூஸும் போகட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அப்புறம் பந்தியில் ஒரு கூட்டாளி பாட்டிலோடு வந்து "ஒரே ஒரு வாய்" என்பார். மேடையில் சொல்லியிருந்தால் பாதிப் பேர் அந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

மைக்மாரி: மீதிப் பாதி அதற்காகவே வரும். என் அனுபவம் அது.