எழுத்தெண்ணிக்கை சரி, பாடினால் இடறுகிறது: பிரெஞ்சுத் தாலாட்டைத் தமிழில் அதே மெட்டில் அமைக்க உதவி தேவை

கேட்பவர்: செய்ன்கரை

பாரிசுக்கு அருகில் வசிக்கிறோம். மகள் பள்ளியில் கற்றுக்கொண்ட ‘ஓ க்ளேர் த லா லூன்’ என்ற பாட்டை இரவில் தூங்கும்போது கேட்கிறாள். அதே மெட்டில் தமிழிலும் பாட வேண்டும் என்று அவளுடைய பாட்டி ஆசைப்படுவதால், முதல் நான்கு அடிகளை மொழிபெயர்த்துப் பார்த்தேன். நிலா வெளிச்சத்தில் ஒருவன் தன் நண்பன் பியெரோவிடம், ஒரு சொல் எழுதப் பேனா இரவல் கேட்கிறான் என்பதே அந்த அடிகளின் பொருள்.

பேச்சில் ‘லூன்’ என்று ஒரே அசையாக ஒலிக்கும் சொல் பாட்டில் ‘லூ-ன’ என்று இரண்டாக நீள்கிறது. அதையும் சேர்த்தால் ஓரடிக்கு ஆறு, அடுத்த அடிக்கு ஐந்து என்று அசைகள் மாறி மாறி வருகின்றன. ஒற்றெழுத்துகளை நீக்கி எண்ணி, அதற்குச் சரியாக இவ்வாறு அமைத்தேன்:

நிலவின் ஒளியில்
நண்பா பியெரோ
எழுது கோல்கொடு
சொல்லொன் றெழுத

எண்ணிக்கை ஆறு, ஐந்து, ஆறு, ஐந்து என்று பிசகாமல் இருக்கிறது. ஆனால் பாடிக் காட்டியபோது, மூன்றாம் அடியில் என்ன சொல்கிறேன் என்று என் அம்மாவுக்கே விளங்கவில்லை. எங்கே தவறுகிறது என்று யாரேனும் சொல்ல இயலுமா?

யாப்பன்பன்

ஒற்றை நீக்கி எண்ணுவது நம் மரபுக்குப் புதிதன்று. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்குப் பதினேழு எழுத்து என்று எண்ணுவதும் அவ்வாறே. ஆனால் நீங்கள் எழுத்தை எண்ணியது பொருந்தாது. அசையை எண்ணியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ‘நிலவின் ஒளியில்’ என்பதைச் சேர்த்து வாய்பாடு பார்த்தால் நில, வின், ஒளி, யில் என்று நான்கு அசைகளே உள்ளன. பிரெஞ்சில் ஆறு இருக்கும்போது நீங்கள் நான்கைத் தந்தால் மெட்டு நிரம்பாது. ஆறு அசை வருமாறு அடியை நீட்டினால் சிக்கல் தீர்ந்துவிடும்.

தாளக்கட்டு

யாப்பன்பன் சொல்வதில் பயனுள்ள ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் ஆறு அசையாக்குவதால் மட்டும் இது தீராது, ஏனெனில் இந்த மெட்டில் எல்லா அசைகளும் ஒரே நீளம் உடையவை அல்ல.

சட்ஜமத்தை ஆதாரமாகக் கொண்டு மெட்டை எழுதிப் பாருங்கள். முதலடி ‘ச ச ச ரி’ என்று நான்கு எண்ணிக்கை, பிறகு ‘கா’ இரண்டு எண்ணிக்கை, ‘ரீ’ இரண்டு எண்ணிக்கை. அதாவது ஆதி தாளத்தின் லகுவில் நான்கு எழுத்துகள், இரண்டு த்ருதங்களில் ஒவ்வோர் எழுத்து என்று ஓர் ஆவர்த்தனம் கச்சிதமாக நிறைகிறது. இரண்டாம் அடி ‘ச க ரி ரி’ என்று லகுவை நிரப்பிவிட்டு, கடைசி ‘ச’வில் நான்கு எண்ணிக்கை நிற்கிறது. மூன்றாம், நான்காம் அடிகள் இதே மெட்டு. ஏழு, எட்டும் இதே. ஐந்தும் ஆறும் மட்டும் கீழே இறங்கும்: ‘ரி ரி ரி ரி’, மந்திர ஸ்தாயித் தைவதத்தில் இரண்டு நீளங்கள், பிறகு ‘ரி ச நி த’ என்று இறங்கிப் பஞ்சமத்தில் நிற்கும். (மத்யமமே வராததால் இது சங்கராபரணமா கல்யாணியா என்று சண்டை போடவும் இடமுண்டு.)

இனி உங்கள் மூன்றாம் அடியைப் பாடுங்கள். த்ருதங்களில் விழுவன ‘கொ’வும் ‘டு’வும். இரண்டு எண்ணிக்கைக்கு நீட்டினால் ‘கொடு’ என்பது ‘கோடூ’ ஆகிறது; உங்கள் அம்மாவின் காதில் எழுதுகோல் கோடு போட்டிருக்கும். நான்காம் அடி இதைவிட மோசம். ‘எழுத’ என்பதன் கடைசி எழுத்தை நான்கு எண்ணிக்கை நீட்டினால் ‘எழுதா’ என்று ஒலிக்கும், கேட்பவர் அதை எதிர்மறையாகவே எடுத்துக்கொள்வார். முதலடியில் ‘ஒளீயில்’ என்று வருவது பொருளைக் கெடுக்கவில்லை, காதைத்தான் உறுத்துகிறது.

பிரெஞ்சில் உயிரின் நீளத்தால் சொல் மாறுவது அரிது என்பதால், அந்த மொழிக்காரர் எந்த அசையையும் அஞ்சாமல் நீட்டலாம். நமக்கு அந்த வசதி இல்லை. ஆகவே நீளும் இடங்களில் நெடிலையோ ஐகாரத்தையோ வையுங்கள்; ‘ம்’, ‘ன்’, ‘ல்’ போன்ற நீண்டொலிக்கும் ஒற்றில் முடியும் எழுத்தும் ஓரளவு தாங்கும், ஏனெனில் உயிரைக் குறுக்கிவிட்டு ஒற்றில் நிற்க முடியும். லகுவின் நான்கு இடங்களில் குறில் இருந்தாலும் கேடில்லை.

கோவில்மணி

எங்கள் திருச்சபைப் பாடகர் குழுவில், ஐரோப்பிய மெட்டுகளுக்கு எழுதப்பட்ட ஞானப்பாட்டுகளைத் தலைமுறைகளாகப் பாடிவருகிறோம். அவற்றில் குறில் நெடிலாவது சாதாரணம், யாரும் குறை சொன்னதில்லை. ஆகவே இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று தோன்றுகிறது. தாலாட்டுதான் வேண்டுமென்றால் நம்மிடம் ஆராரோ ஆரிரரோ இருக்கிறதே. அதைக் கற்றுக்கொடுத்தால் போதாதா?

தாளக்கட்டு

ஞானப்பாட்டைப் பாடுவோர் கையில் புத்தகம் இருக்கிறது, சொல்லும் முன்பே தெரியும். அதனால் நீண்ட குறிலை மனமே திருத்திக்கொள்கிறது. பாயில் கண்ணை மூடிப் படுத்திருக்கும் குழந்தைக்குக் காது மட்டுமே துணை. மேலும் கேள்வி கேட்டவருக்கு இந்த மெட்டுதான் வேண்டும்.

செய்ன்கரை

ஆம், மகள் இந்த மெட்டைத்தான் கேட்கிறாள்; ஆராரோவும் வீட்டில் தனியாக ஒலிக்கிறது. நீளும் இடங்களை முதலில் நிரப்பிவிட்டுப் பின்னோக்கி எழுதிப் பார்த்தேன்:

வெண்ணி லாவின் கீழே
என் தோழா ப்யேரோ
உன்றன் பேனா தாயேன்
சொல்லொன் றெழுதவே

முதலடியில் ‘கீ’யும் ‘ழே’யும் த்ருதங்களில் பொருந்துகின்றன. நான்காம் அடியில் ‘வே’ சேர்த்ததால் நீளும் எழுத்து நெடிலாகிவிட்டது, ஆனால் எண்ணிக்கை ஆறாகிவிட்டது. ‘சொல்’, ‘லொன்’ இரண்டையும் விட மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

தாளக்கட்டு

யாப்பன்பனின் அசைக்கணக்கு இங்கேதான் உதவுகிறது. ‘ழுத’ என்பது குறிலிணை. அதை நிரையசையாகக் கொண்டு ஒரே எண்ணிக்கையில், அரை அரையாகப் பாடுங்கள். ‘சொல்’ ச, ‘லொன்’ க, ‘றெ’ ரி, ‘ழுத’ மறுபடி ரி, ‘வே’ நீண்ட ச. மூன்றாம், நான்காம் எண்ணிக்கைகள் இரண்டும் ஒரே ஸ்வரமாக இருப்பதால், ஒன்றை இரண்டாகப் பிளந்தது காதுக்குத் தெரியாது. ஸ்வரம் மாறும் இடத்தில் இப்படிப் பிளந்தால் எந்த எழுத்துக்கு எந்தச் சுருதி என்று குழந்தை தடுமாறும். நீளும் இடத்தில் குறிலிணையை வைத்தாலோ பழைய சிக்கலே திரும்பி வரும்.

முதலடி மிக நன்றாக அமைந்திருக்கிறது. ‘லூ-ன’ என்பதில் முதலசை அழுந்தி இரண்டாம் அசை தளர்வதைப் போலவே ‘கீழே’யும் ஒலிக்கிறது, சொல்லும் த்ருதமும் ஒன்றாகத் தொடங்குகின்றன. மூன்றாம் அடியில் ‘உன் பேனாவைத் தாயேன்’ என்பதே இயல்பான தமிழ், அதுவும் ஆறுதான். ஆனால் அப்படிப் பாடினால் ‘பே’ பலமில்லாத இரண்டாம் எண்ணிக்கையிலும் ‘னா’ பலமான மூன்றாம் எண்ணிக்கையிலும் விழுந்து, சொல் கவிழ்ந்துவிடுகிறது. ‘உன்றன்’ கொஞ்சம் பழைய வாடை அடித்தாலும் அதையே வைத்துக்கொள்வேன்.

யாப்பன்பன்

‘ப்யேரோ’ என்று மெய்யில் சொல் தொடங்குவதை என்னால் ஏற்க இயலவில்லை. ‘தோழா பியெரோ’ என்றால் ஐந்தும் நிறையும், இலக்கணமும் பிழைக்கும். உங்கள் விதிப்படியே ‘பி’, ‘யெ’ இரண்டும் ஒரே ஸ்வரத்தில்தானே வருகின்றன?

செய்ன்கரை

அது பாடவும் எளிதாக இருக்கிறது. ஆனால் மகள் அந்தப் பெயரைப் பள்ளியில் இரண்டே அசையாகச் சொல்கிறாள்; மூன்றாக்கினால் என்னைத் திருத்துகிறாள்.

பழைய ஒலி

சிறு இடைச்செருகல். ஒலியலையைத் தாளில் வரையும் கருவியை உருவாக்கிய ஸ்கோட் த மார்த்தின்வில் 1860 ஏப்ரல் 9 அன்று புகைக்கரி படிந்த தாளில் பதித்த ஒலியலை இந்தப் பாட்டின் ஒரு துண்டுதான். 2008இல் அதை ஒலியாக மாற்றியபோது முதலில் இரு மடங்கு வேகத்தில் இயக்கிவிட்டதால் பெண் குரல் என்று எண்ணினார்கள். பிறகுதான் ஓர் ஆண் மிக மெதுவாகப் பாடியது என்று தெரிந்தது. தாலாட்டாகப் பாடும்போது நீங்களும் மெதுவாகவே பாடுவீர்கள். வேகமாகப் பாடினால் மறைந்துவிடும் ‘கோடூ’ அந்த விளம்பத்தில் மறையாது. எனவே பாட்டின் வேகத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதே வேகத்தில் சோதியுங்கள். வரிகளைப் படித்திராத ஒருவரிடம் பாடிக் காட்டி, கேட்டதை எழுதித் தரச் சொன்னால் எந்த எழுத்து நழுவுகிறது என்று தெரிந்துவிடும்.

செய்ன்கரை

இரண்டாம் பாதியையும் அந்த முறையில் எழுதினேன். மெழுகுவர்த்தி அணைந்துவிட்டது, நெருப்பும் இல்லை, கடவுளின் பேரன்பை முன்னிட்டுக் கதவைத் திற என்பது மூலத்தின் பொருள்.

தீபம் அணைந்து போச்சே
தீயும் இங்கில்லை
தாழ்ப்பாள் நீக்கி வாடா
புண்ணிய முண்டே

ஐந்தாம் அடியில் ‘அணைந்’ என்பதை ஒரே எண்ணிக்கையில் பிளந்து பாடுகிறேன். நான்கும் ரிஷபமாக இருப்பதால் உறுத்தவில்லை.

காரைப்பாட்டி

தாளமெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் குழந்தையைத் தூங்கவைக்கும் நேரத்தில் தீபம் அணைந்தது என்று பாடலாமா? எங்கள் வீட்டில் விளக்கைக் குளிரவைத்தோம் என்போம், மலையேறியது என்போம். அணைத்தோம் என்று சொன்னால் பெரியவர்கள் வாயை மூடச் சொல்வார்கள்.

தாளக்கட்டு

பாட்டி சொல்வது பாட்டுக்கும் பொருந்துகிறது: ‘தீபம் குளிர்ந்து போச்சே’. ‘குளிர்ந்’ என்பது ‘அணைந்’ நின்ற இடத்திலேயே நிற்கும், தாளம் மாறாது. அந்த அடி தைவதத்துக்கு இறங்குவதால், உங்கள் குரலுக்கு ஏற்பச் சுருதியை முன்கூட்டியே உயர்த்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அடியின் இறுதியில் உள்ள பஞ்சமம் கேட்காது.

கோவில்மணி

கடைசி அடியில் எனக்கு உடன்பாடில்லை. மூலத்தில் கடவுளின் அன்பை முன்னிட்டுக் கேட்கிறான்; புண்ணியம் கிடைக்கும் என்று ஆசை காட்டவில்லை. ‘தேவன் அன்பாலே’ என்றாலும் ஐந்தெழுத்துத்தானே?

காரைப்பாட்டி

இரவில் வந்து கதவைத் தட்டுபவன் ‘உனக்குப் புண்ணியமாகப் போகும்’ என்றுதான் கெஞ்சுவான்.

செய்ன்கரை

இரண்டையும் பாடிப் பார்த்தேன், இரண்டுமே மெட்டில் உட்காருகின்றன. அம்மா ‘புண்ணிய முண்டே’ பக்கம், மனைவி ‘தேவன் அன்பாலே’ பக்கம். மற்ற அடிகளை மேலே சொன்னபடி வைத்துக்கொள்கிறேன். ‘ப்யேரோ’வையும் மகளுக்காக மாற்றாமல் விடுகிறேன். இரண்டாம் பத்தியில் பியெரோ படுக்கையிலிருந்தபடியே தன்னிடம் பேனா இல்லை என்று சொல்லி, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போகச் சொல்கிறான். அங்கே சமையலறையில் நெருப்புக்காகச் சக்கிமுக்கி தட்டுகிறார்கள் என்கிறான். அதை ஐந்தெழுத்துக்குள் எப்படி அடக்குவது என்று யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.