கலைச்சொல் தேவை: ‘தேய்தொகை’ பொருந்துமா? (டெலிவரி வேன் கணக்கு)

காட்பாடி, பதினொன்றாம் வகுப்பு ஆசிரியை:

வணக்கம். தேய்மானப் பாடத்துக்கு நான் போடும் கணக்கு இது. வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் ஒரு மளிகை மொத்தக் கடை, குடியாத்தம் வரை சரக்கு போட 1.10.2025 அன்று வேன் வாங்குகிறது. வண்டி ரூ.5,60,000, பின்னால் கூண்டு கட்ட ரூ.45,000, பதிவும் சாலை வரியும் ரூ.35,000. ஆக அடக்கவிலை ரூ.6,40,000. முதல் வருட இன்சூரன்ஸ் ரூ.28,000-ஐயும் பிள்ளைகள் இதோடு கூட்டிவிடுகிறார்கள். அது அந்த ஒரு வருடத்தோடு தீர்ந்துபோகும் செலவு. வண்டியின் விலையில் சேராது.

ஐந்து வருடம் கழித்து வேன் ரூ.1,40,000-க்குப் போகும் என்று வைத்தால், பங்கிட வேண்டியது ரூ.5,00,000. இந்தத் தொகைக்கு ஒரு சின்னப் பெயர் வேண்டும். ‘தேய்தொகை’ என்று வைக்கலாமா?

குடியாத்தம், டியூஷன் ஆசிரியர்:

பெயர் நன்றாக இருக்கிறது மேடம். நேர்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை இரண்டுக்குமே இதை அடிப்படையாக வைத்துவிடலாம். வருடத்துக்கு ஒரு லட்சம், ஐந்து வருடத்தில் கணக்கு முடிந்துவிடும்.

வேலூர், மொத்த வியாபாரி:

எங்கள் வேனுக்கு ஆடிட்டர் 15 சதவீதம்தான் போடுகிறார். இறுதி மதிப்பு என்று எதையும் கழிப்பதே இல்லை. டிசம்பரில் வாங்கியதால் முதல் வருடம் அதிலும் பாதிதான் கிடைத்தது. வகுப்பில் வேறு மாதிரி சொல்லித் தருகிறீர்களே?

ராணிப்பேட்டை, ஓய்வுபெற்ற வணிகவியல் விரிவுரையாளர்:

வியாபாரி ஐயா சொல்வது வருமானவரிக் கணக்கு. சொந்தச் சரக்குக்கு ஓடும் வண்டிக்கு அங்கே 15 சதவீதம். வாடகைக்கு ஓட்டும் லாரிக்கு 30. வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் பாதி. நம் வேனுக்கு அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை 182 நாள், எனவே முழு விகிதம். அக்டோபர் 4-இல் ஓட ஆரம்பித்திருந்தால் 179 நாள்தான், பாதியாகிவிடும். கடையின் சொந்த ஏட்டில் இந்த விதி கிடையாது, மாதக் கணக்குத்தான்.

அங்கேதான் குடியாத்தம் தம்பியும் சற்றுச் சறுக்குகிறார். ஐந்து வருடம் என்றாலும் வேன் ஆறு கணக்காண்டுகளைத் தொடுகிறது. 31.3.2026-இல் ஆறு மாதத்துக்கு ரூ.50,000, அடுத்த நான்கு ஆண்டுகளில் ஒரு லட்சம் வீதம், 2030-31-இல் மீதி ரூ.50,000. ஒவ்வொரு முறையும் தேய்மானக் கணக்கு பற்று, வேன் கணக்கு வரவு. விடைத்தாளில் ஐந்து வரிதான் இருக்கிறது என்றால் மாணவர் தேதியைப் பார்க்கவில்லை.

குறைந்து செல் மதிப்பு முறைக்கு இந்த ஐந்து லட்சம் அடிப்படை ஆகாது. ஐந்து முழு வருடத்தில் ரூ.1,40,000-இல் வந்து நிற்க விகிதம் சுமார் 26.2 சதவீதம். அதை முழு ரூ.6,40,000 மீது போட வேண்டும். ஐந்து லட்சத்தின் மீது போட்டால் கடைசியில் ரூ.1,09,000-க்கு மேல் தேயாமலே நிற்கும், இறுதி மதிப்பை இரண்டு தடவை ஒதுக்கியதாகிவிடும். கடைசி ஏட்டு மதிப்பு இரண்டரை லட்சத்தை ஒட்டி வந்தால் இந்தப் பிழைதான்.

பெயர் விஷயத்தில் எனக்கு ஒரு தயக்கம். வருடாந்திரத் தொகையைத் ‘தேய்மானத் தொகை’ என்கிறோம். ‘தேய்தொகை’ அதன் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. பரீட்சை அவசரத்தில் ஐந்து லட்சமும் ஒரு லட்சமும் இடம் மாறும். ‘பங்கீட்டுத் தொகை’ என்றால் குழப்பம் குறையும்.

காட்பாடி ஆசிரியை:

இரண்டு முறை பற்றிய எச்சரிக்கைக்கு நன்றி ஐயா. ஆனால் ‘பங்கீட்டுத் தொகை’ என்றால் கூட்டாண்மைப் பாடத்தில் இலாபப் பங்கீட்டோடு போய் ஒட்டிக்கொள்ளும். ‘தேய்தொகை’ வினைத்தொகை, தேய்ந்ததும் இனித் தேய்வதும் அதில் அடங்கும் என்பதால்தான் எடுத்தேன்.

ராணிப்பேட்டை விரிவுரையாளர்:

எனக்கு இடிப்பதும் அதே இடம்தான் அம்மா. 31.3.2028 அன்று வேனின் ஏட்டு மதிப்பு ரூ.3,90,000. ஓட்டம் அதிகமானதால் இறுதியில் ரூ.90,000-தான் தேறும் என்று அப்போது தெரிகிறது. முந்தைய பதிவுகளைத் தொடக் கூடாது. மீதி ரூ.3,00,000-ஐ மிச்சமுள்ள இரண்டரை வருடத்துக்குப் பங்கிட்டால் வருடத்துக்கு ரூ.1,20,000. அப்போது எது தேய்தொகை? தொடக்கத்தில் போட்ட ஐந்து லட்சமா, இந்த மூன்று லட்சமா?

குடியாத்தம் ஆசிரியர்:

மூன்று லட்சத்தை ‘எஞ்சிய தேய்தொகை’ என்று பிரித்துவிடலாமே ஐயா? அடிப்படை பற்றிச் சொன்னது புரிந்தது, என் நோட்ஸில் திருத்திவிட்டேன்.

காட்பாடி ஆசிரியை:

எஞ்சிய மதிப்பு என்றாலே இறுதி மதிப்பு என்று எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள் தம்பி. ‘எஞ்சிய’ வேண்டாம். ‘இனித் தேய்தொகை’? வேறு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.