நைட் ஷிஃப்டில் 23 அவசர சாம்பிள் லேட்: யாரையும் குறை சொல்லாமல் காரணம் தேடுவது எப்படி?

லேப்_இன்சார்ஜ்
வணக்கம். தனியார் மருத்துவமனை ஒன்றில் பயோகெமிஸ்ட்ரி லேப் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் ஒரு நைட் ஷிஃப்டில் வந்த 62 அவசர சாம்பிளில் 23-க்கு ரிசல்ட் எங்கள் 60 நிமிடக் கெடுவைத் தாண்டித்தான் போயிருக்கிறது. வழக்கமாக ஒரு நைட்டில் ஆறு, ஏழு தாண்டும், அதை யாரும் கேட்பதில்லை. இந்த முறை ஐசியூ டாக்டர் நேராக மேலிடத்துக்குப் போய்விட்டார்.

அன்று டியூட்டியில் இரண்டு டெக்னீஷியன்கள். ஒருவர் எட்டு வருட சர்வீஸ், இன்னொரு பையன் சேர்ந்து ஐந்து மாதம். மேலிடம் இருவரிடமும் எக்ஸ்ப்ளனேஷன் வாங்கச் சொல்கிறது. நான் ஒரு வாரம் டைம் கேட்டிருக்கிறேன், காரணம் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம் என்று. லேப்பின் கம்ப்யூட்டர் பதிவான எல்ஐஎஸ்ஸில் எல்லா நேரமும் இருக்கிறது, ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று புரியவில்லை. இருவரிடமும் பேசினால் "வேலை ஜாஸ்தி மேடம்" என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை.

ராத்திரி_ராஜா
இதில் தேட என்ன இருக்கிறது? ரெண்டு பேரை வைத்து 62 அவசரம், அது போக ரொட்டீன் வேறு. மூன்றாவது ஆள் போடச் சொல்லுங்கள். நானும் நைட் பார்த்தவன்தான், எங்கே போனாலும் இதே கதை.

பழைய_பயோகெமிஸ்ட்
ஆள் பற்றாக்குறையாக இருக்கலாம், ஆனால் அது உண்மையா என்று பார்க்க வழி இருக்கிறது. ஆள் போதாமல் லேட் ஆனால் ராத்திரி முழுக்க அங்கங்கே லேட் ஆகியிருக்கும். அந்த 23-ஐயும் ரிசீவ் ஆன நேரப்படி வரிசையாக எழுதுங்கள், எந்த மணி நேரத்தில் குவிகிறது என்று தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு சாம்பிளை எடுத்து அது பிறந்ததிலிருந்து பின்தொடருங்கள். எடுத்த நேரம், லேப் கவுண்டருக்கு வந்த நேரம், பார்கோடு ஸ்கேன், சென்ட்ரிஃப்யூஜ், மெஷினில் ஏற்றியது, ரிசல்ட் வந்தது, வேலிடேட் செய்தது. சராசரி எடுக்காதீர்கள், சராசரியில் எல்லாம் மறைந்துவிடும்.

டெக்னீஷியன்களிடம் "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் "வேலை ஜாஸ்தி"தான் வரும், வேறு என்ன சொல்வார்கள்? "குவிந்த அந்த நேரத்தில் உங்கள் முன்னால் என்ன இருந்தது, அடுத்து எதைத் தொட்டீர்கள்" என்று கேளுங்கள். இருவரையும் தனித்தனியாக, எக்ஸ்ப்ளனேஷன் கடிதம் போவதற்கு முன்னால். கடிதம் போய்விட்டால் அதில் எழுதியதைக் காப்பாற்றும் விதமாகத்தான் அப்புறம் பேசுவார்கள்.

அம்மாவின்_மகன்
எங்கள் அம்மாவின் தைராய்டு ரிப்போர்ட்டும் இரண்டு நாள் லேட், கேட்டால் சரியாகப் பதில் சொல்வதில்லை. இதற்கு எங்கே புகார் கொடுப்பது?

லேப்_இன்சார்ஜ்
சார், இது லேப்பின் உள் விஷயம். தைராய்டை சில இடங்களில் வெளி லேப்புக்கு அனுப்பிச் செய்வார்கள், அதனால்கூட லேட் ஆகியிருக்கலாம். முதலில் பில்லிங் கவுண்டரில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

டிக்கெட்_மணி
நான் ஐடி சப்போர்ட் ஷிஃப்டில் இருப்பவன், லேப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எங்களுக்கும் இதே மாதிரி ஒரு நைட் போயிற்று, மூன்று நாள் உட்கார்ந்து அலசிய பிறகுதான் ஒரு சர்வர் கடிகாரம் ஒன்பது நிமிடம் முன்னால் ஓடுவது தெரிந்தது. உங்கள் மெஷின் கடிகாரமும் கம்ப்யூட்டர் கடிகாரமும் ஒன்றா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

லேப்_இன்சார்ஜ்
மணி தம்பி, காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருக்கிறது. அனலைசர் கடிகாரம் 11 நிமிடம் பின்னால் ஓடுகிறது. இரண்டு சாம்பிள் மெஷினில் ஏற்றிய *பிறகு* சென்ட்ரிஃப்யூஜுக்குப் போனதாகப் பட்டியலில் வந்தது, பேய் வேலையா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திருத்திவிட்டேன்.

சரி, வரிசைப்படுத்தியதில் 23-ல் 19 சாம்பிள் காலை 5:50-க்கும் 6:50-க்கும் இடையில் ரிசீவ் ஆனவை. ராத்திரி இரண்டு மணிக்கு கேஷுவாலிட்டியில் கூட்டமாக இருந்தபோதுகூட ஒன்றுதான் லேட்.

ஒரு ஐசியூ சாம்பிளைப் பின்தொடர்ந்தேன். எடுத்தது 5:20. கவுண்டருக்கு வந்தது 5:55 (அட்டெண்டர் ரெஜிஸ்டர்படி). ஸ்கேன் 6:08. சென்ட்ரிஃப்யூஜ் ஆரம்பம் 6:20, முடிந்தது 6:30. மெஷினில் ஏற்றியது 6:32. மெஷின் அதைத் தொட்டது 7:05. ரிசல்ட் 7:18. வேலிடேட் 7:31. கெடுவின் கணக்கில் 83 நிமிடம். மெஷின் உண்மையில் வேலை செய்தது 13 நிமிடம்தான்!

பழைய_பயோகெமிஸ்ட்
முதலில் ஒரு சின்ன விஷயம். உங்கள் கெடு ஸ்கேனிலிருந்து ஆரம்பிக்கிறது. ரத்தம் எடுத்ததிலிருந்து ஸ்கேன் வரை போன 48 நிமிடம் உங்கள் கணக்கிலேயே இல்லை. ஐசியூ டாக்டர் பார்ப்பது 131 நிமிடத்தை, நீங்கள் பார்ப்பது 83-ஐ. இருவரும் பேசினால் சண்டைதான் வரும்.

அடுத்து, 6:32-லிருந்து 7:05 வரை 33 நிமிடம் மெஷின் முன்னால் நின்றதே, அப்போது என்ன ஓடியது? மதிப்பு தெரிந்த திரவத்தை ஓட்டி மெஷினைச் சரிபார்க்கும் காலை க்யூசியா?

லேப்_இன்சார்ஜ்
ஆமாம் சார், 6 மணிக்கு க்யூசி. தினமும் 6:20-க்குள் முடிந்துவிடும். அன்று லெவல் 2 திரவத்தில் சோடியம், சராசரியிலிருந்து அனுமதித்த விலகலான 3 எஸ்டியைத் தாண்டிப் போய்விட்டது. சீனியர் அதையே திரும்ப ஓட்டியிருக்கிறார், மறுபடியும் அப்படியே. பிறகு சோடியம், பொட்டாசியம் அளக்கும் ஐஎஸ்இ எலக்ட்ரோடுகளுக்குக் காலிப்ரேஷன் செய்து, புது க்யூசி குப்பியிலிருந்து ஊற்றி ஓட்டிய பிறகு பாஸ். சோடியம், பொட்டாசியம் கேட்டிருந்த எந்த ரிப்போர்ட்டையும் அதுவரை விடவில்லை, அது சரிதான். காலை ஐசியூ சாம்பிளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதைக் கேட்டிருப்பார்கள்.

ராத்திரி_ராஜா
அப்போ சீனியர் மேல்தான் தப்பு. முதலிலேயே புதுக் குப்பி எடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். தவிர ஐசியூவில் ரத்த வாயு பார்க்கும் ஏபிஜி மெஷின் இருக்குமே, பொட்டாசியம் அதிலேயே பார்த்திருக்கலாமே?

பழைய_பயோகெமிஸ்ட்
ராஜா, இப்போது முடிவு தெரிந்துகொண்டு பேசுகிறீர்கள், 6:20-க்கு அவருக்கு அது தெரியாது. மேடம், சோடியம் மட்டும் ஏறியதா, எல்லாமே ஏறியதா என்று பாருங்கள். குளுக்கோஸ், யூரியா வரம்புக்குள் இருந்தாலும் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தன என்று முக்கியமாகப் பாருங்கள். சோடியம், பொட்டாசியம், குளோரைடு மட்டும் ஏறியிருந்தால் எலக்ட்ரோடைச் சந்தேகப்படலாம். எல்லாமே ஒரே விகிதத்தில் ஏறியிருந்தால் க்யூசி திரவமே கெட்டியாகியிருக்கிறது. சோடியத்தின் எஸ்டி மிகக் குறுகல், அதனால் திரவம் இரண்டு மூன்று சதவீதம் வற்றினாலே அதுதான் முதலில் கத்தும், மற்றவை வரம்புக்குள் சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

ஏபிஜி யோசனை மோசமில்லை, அவசரத்துக்கு உதவும். ஆனால் அது முழு ரத்தத்தில் பார்ப்பது. சாம்பிளில் சிவப்பணு உடைந்து ஹீமோலைஸ் ஆகியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும்.

லேப்_இன்சார்ஜ்
பார்த்தேன். குளுக்கோஸ், யூரியா, கிரியாட்டினின் எல்லாமே மேலே, 1.5 எஸ்டி பக்கத்தில். வரம்புக்குள் என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நானும்தான்.

இருவரிடமும் தனித்தனியாகப் பேசினேன், நீங்கள் சொன்ன மாதிரி கேட்டு. பையன் சொன்னது: 5:15-க்கே க்யூசியை கப்பில் ஊற்றி ராக்கில் வைத்தான், 6 மணிக்குக் கூட்டம் வரும் என்று முன்கூட்டியே தயாராக. நல்ல எண்ணம்தான். மூடியில்லாத சின்ன கப், ஏசி காற்று நேராகப் படும் இடம், முக்கால் மணி நேரம். சீனியருக்கு அது எப்போது ஊற்றியது என்று தெரியாது. எங்கள் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் "க்யூசி தவறினால்: திரும்ப ஓட்டு, பிறகு காலிப்ரேட் செய்" என்றுதான் இருக்கிறது. புதிதாக ஊற்று என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தத் தாளில் கையெழுத்து என்னுடையது, மூன்று வருடம் முன்னால் போட்டது.

பழைய_பயோகெமிஸ்ட்
பாருங்கள், அவர் தாளில் இருப்பதைத்தான் செய்திருக்கிறார். ஆனால் இதோடு நிறுத்தாதீர்கள். க்யூசி தவறுவது மாதத்தில் ஓரிரு முறை நடக்கும். அது தவறினால் 19 சாம்பிள் மாட்டிக்கொள்கிறது என்றால், அந்த நேரத்தில் 19 சாம்பிள் ஏன் அங்கே நின்றது? முந்தைய பத்து நாள் அதே மணி நேரத்தைப் பாருங்கள்.

லேப்_இன்சார்ஜ்
பத்து நாளில் பெரும்பாலான நாள் அந்த ஒரு மணி நேரத்தில் நான்கிலிருந்து ஆறு வரை லேட். நான் "வழக்கமாக ஆறு, ஏழு" என்று மேலே சொன்னேனே, அதில் பெரும்பங்கு தினமும் இங்கேதான் விழுந்திருக்கிறது.

ஐசியூ சிஸ்டரிடம் கேட்டேன். முன்பு காலை சாம்பிள் 7 மணிக்கு எடுப்பார்களாம். மூன்று மாதம் முன்னால் 8 மணி ரவுண்ட்ஸுக்கு ரிசல்ட் வேண்டும் என்று 5:30-க்கு மாற்றினார்கள். லேப்புக்கு எழுத்தில் ஒன்றும் வரவில்லை. எங்கள் க்யூசி பழைய 6 மணியிலேயே நிற்கிறது, 7 மணி சாம்பிளுக்கு முன்னால் முடிந்துவிடும் என்ற கணக்கில் வைத்தது. இப்போது இரண்டும் நேருக்கு நேர். அட்டெண்டரும் ஒவ்வொரு வார்டாக டியூப் சேர்த்து ஒரே ட்ரேயில் கொண்டுவருகிறார், அதனால் 5:20-க்கு எடுத்ததும் 5:50-க்கு எடுத்ததும் ஒன்றாக வந்து இறங்குகிறது. கடைசியில் எடுத்த டியூப் உறைய வேண்டும் என்று முதலில் எடுத்ததும் சென்ட்ரிஃப்யூஜுக்குக் காத்திருக்கிறது.

ராத்திரி_ராஜா
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஸ்கேன் போடவே 13 நிமிடம் ஆகியிருக்கிறதே, அதற்குக் காரணம் ஆள் இல்லாததுதானே?

பழைய_பயோகெமிஸ்ட்
அது உண்மை. அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ரிசீவிங்கில் ஒருவர் இருந்தால் போதும், முழு ஷிஃப்டுக்கும் தேவையா என்பது வேறு கேள்வி.

லேப்_இன்சார்ஜ்
இப்போதைக்கு: க்யூசியை 4:30-க்கு மாற்றியிருக்கிறேன், 4-லிருந்து 5 வரைதான் சாம்பிள் மிகக் குறைவு. ஊற்றிய நேரத்தைக் கப் மேல் எழுதுவது, தவறினால் முதலில் புதிதாக ஊற்றுவது என்று தாளை மாற்றினேன். ஐசியூ ட்ரே தனியாக, உடனே வர வேண்டும் என்று நர்சிங் சூப்பரின்டென்டன்டிடம் கேட்டிருக்கிறேன், அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. நான்கு நாளில் அந்த மணி நேரத்தில் லேட்: 2, 3, 1, 4. கடைசி நாள் நான்கு ஏன் என்று தெரியவில்லை.

ரிசல்ட் வந்து வேலிடேட் ஆக 13 நிமிடம் எடுத்ததற்கும் சரியான காரணம் கிடைக்கவில்லை. போன் மேல் போன் வந்ததாக இருவரும் சொல்கிறார்கள், ஆனால் போனுக்குப் பதிவு கிடையாது.

எக்ஸ்ப்ளனேஷன் வேண்டாம் என்று மேலிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த நேரப் பட்டியலோடு நாளை போய்ப் பார்க்கிறேன்.

டிக்கெட்_மணி
அக்கா, அனலைசர் கடிகாரத்தை மறுபடி பாருங்கள். ஒருமுறை திருத்தினால் நிற்காது, எங்களுக்கு மாதம் இரண்டு நிமிடம் நழுவியது.